மெயின்டனன்ஸ் பாக்கி: குரூப்பில் என்ன எழுதுவது, யாருக்காக எழுதுவது

"யார் யார் கட்டலைன்னு பேரைப் போடுங்க சார், எல்லாருக்கும் தெரியட்டும்." அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்களில் மாதத்தின் இரண்டாவது வாரம் தவறாமல் வருகிற வரி இது. எழுதுபவர் பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டிவிட்டவர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது: தன் பணத்தில்தான் அடுத்தவர் வீட்டு வாசல் விளக்கும் எரிகிறது என்று அவருக்குத் தெரியும். பொருளாளரும் களைத்துப்போயிருப்பார். பட்டியல் கையிலேயே இருக்கிறது, ஒட்டி அனுப்ப ஒரு நிமிடம் போதும். அனுப்பியும் விடுகிறார். அடுத்த பத்து நாள் குரூப்பில் பேசப்படுவது பாக்கியைப் பற்றியல்ல, பட்டியலைப் பற்றி.

பேரைப் போட்டால்தான் பணம் வரும் என்கிற எண்ணம் சுலபத்தில் போகாது. ஏனென்றால் அது பாதி உண்மை. பட்டியல் வந்த அன்று மாலையே இரண்டு மூன்று பேர் கட்டிவிடுவார்கள். ஆனால் அவர்கள் மறந்திருந்தவர்கள். பேர் இல்லாமல் நினைவூட்டியிருந்தாலும் கட்டியிருப்பார்கள். யாரை மனதில் வைத்துப் பட்டியல் போடப்பட்டதோ, அந்த ஐந்து மாத பாக்கிக்காரர் அசையமாட்டார். அதோடு, "என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினீங்க" என்ற புதிய காரணம் ஒன்றும் அவர் கையில் கிடைத்துவிடும். குரூப் செய்தி மறந்தவருக்கும் குழம்பியவருக்கும் வேலை செய்கிற கருவி. மறுப்பவரிடம் அது எடுபடாது. இதை ஏற்றுக்கொண்டால், செய்தியில் என்ன இருக்க வேண்டும், எது கூடாது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

எழுதுவதற்கு முன் பாஸ்புக்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 24 வீடுகள். மாதக் கட்டணம் ஜூன் முதல் 2,500-லிருந்து 3,000 ஆகியிருக்கிறது. கடைசி நாள் 10. மொத்தம் வர வேண்டியது 72,000. ஜூன் 12 மாலை பொருளாளர் வங்கிக் கணக்கைத் திறந்து, வீட்டு எண் வாரியாக டிக் அடிக்கிறார். 17 வீடுகளுக்கு டிக் விழுகிறது, 7 வீடுகள் காலியாக நிற்கின்றன. அவசரப்படுகிறவர் இந்த இடத்தில் "7 வீடுகள் கட்டவில்லை" என்று எழுதிவிடுவார்.

ஆனால் வரவுப் பக்கத்தில் யாருக்கும் சேராத வரிகள் நான்கு இருக்கின்றன. இரண்டு வரிகளில் சரியாக 3,000, வீட்டு எண் மட்டும் இல்லை. போன மாதம் இதே பெயரிலிருந்து வந்த வரவோடு ஒப்பிட்டால் எந்த வீடுகள் என்று தெரிந்துவிடுகிறது. மூன்றாவது வரியில் உள்ள பெயர் உரிமையாளர் பட்டியலிலேயே இல்லை. வாடகைக்கு இருப்பவர் நேரடியாகச் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். நான்காவது வரி 2,500. வங்கியில் மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்தவர் தொகையை மாற்ற மறந்திருக்கிறார். ஆக முழுதாகக் கட்டியவை 20 வீடுகள், 500 குறைவாகக் கட்டியது ஒரு வீடு, உண்மையில் கட்டாதவை மூன்றுதான். அந்த மூன்றில் ஒரு வீட்டுக்கு ஜூன் மட்டும் பாக்கி. பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றுக்கு இரண்டு மாதம். இன்னொன்றுக்கு ஐந்து மாதம். காரணம், மேல்மாடிக் குளியலறையிலிருந்து ஒழுகும் தண்ணீரைச் சங்கம் சரிசெய்யவில்லை என்ற மனத்தாங்கல்.

பட்டியலை அவசரத்தில் போட்டிருந்தால், முழுப் பணமும் கட்டிய மூன்று வீடுகளின் பேர் அதில் இருந்திருக்கும். ஒரே ஒரு தப்பான பேர் போதும். அடுத்த முறை சரியான கணக்கைப் போட்டாலும் "போன தடவை மாதிரி தப்பா இருக்கும்" என்ற பேச்சு வரும். அதனால் கடைசி நாள் முடிந்ததும் உடனே எழுதாமல், இரண்டு வங்கி வேலைநாள் விட்டுக் கணக்கை ஒப்பிட்டு, சேராத வரிகளின் வீட்டுக்காரர்களிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே செய்தியை எழுத உட்கார வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு 24 வீட்டுக் கட்டிடத்தில் அரை மணி நேரம் பிடிக்கலாம். செய்தி எழுதுவதைவிட இதுதான் பெரிய வேலை.

இப்போது தொகைகள். ஜூனுக்கு வந்தது 62,500, வர வேண்டியது 9,500. பழைய மாதங்களின் நிலுவை, பூட்டிய வீட்டுக்கு ஒரு மாதமும் ஒழுகல் வீட்டுக்கு நான்கு மாதமும் சேர்த்து ஐந்து தவணை. அவை பழைய கட்டணத்தில் 2,500 வீதம் 12,500. எல்லாவற்றுக்கும் புதுக் கட்டணத்தையே போட்டு 15,000 என்று எழுதிவிடுவது நடக்கிற தப்பு. அந்த 2,500 வித்தியாசம் ஒன்றே மறுப்பவருக்கு "உங்க கணக்கே சரியில்லையே" என்று சொல்லப் போதுமானது.

செய்தி

பலரும் அனுப்புவது இப்படி இருக்கும்: "மெம்பர்ஸ் கவனத்திற்கு!! பலமுறை சொல்லியும் சிலர் இன்னும் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. இது மிகவும் வருத்தத்திற்குரியது. தயவுசெய்து உடனடியாகக் கட்டவும். இல்லையென்றால் லிஃப்ட் நிறுத்தப்படும்." இதில் எவ்வளவு, எந்த மாதம், எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று எதுவுமே இல்லை. 'சிலர்' என்றதும் கட்டியவர்களும் சேர்ந்து 'நம்மையா சொல்கிறார்?' என்று யோசிக்கிறார்கள். 'உடனடியாக' என்பதற்கு நாள் கிடையாது. லிஃப்டை நிறுத்தப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் முதலில் அவதிப்படுவது கட்டியவர்தான். பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதாக எழுதுவது இன்னும் மோசம். அது வெறும் பேச்சானாலும், சட்டச் சிக்கலில் முடியக்கூடிய ஒரு மிரட்டலுக்குச் சங்கம் தானே எழுத்தில் சாட்சி கொடுத்ததாகிவிடும்.

மேலே போட்ட கணக்குக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

> ஜூன் மாதப் பராமரிப்புக் கட்டணம்: நினைவூட்டல்
>
> உரிமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.
>
> ஜூன் 12 மாலை வரையிலான வங்கி வரவின்படி, இம்மாதம் வர வேண்டிய 72,000-இல் 62,500 வந்துள்ளது. செலுத்திய அனைவருக்கும் நன்றி. இன்னும் வர வேண்டியது 9,500. முந்தைய மாதங்களின் நிலுவை 12,500.
>
> லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையை ஜூன் 22 அன்று செலுத்த வேண்டியுள்ளது. எனவே, நிலுவை உள்ளவர்கள் ஜூன் 18, வியாழக்கிழமைக்குள் செலுத்தி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜூன் முதல் மாதக் கட்டணம் 3,000 என்பதையும் நினைவூட்டுகிறோம்.
>
> பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் வீட்டு எண்ணையும் மாதத்தையும் எழுதவும் (B4 JUN என்பது போல). கணக்கு எண் அடுத்த செய்தியில் தனியாக உள்ளது.
>
> நிலுவை உள்ள வீடுகளுக்கு விவரம் தனிச்செய்தியில் அனுப்பப்பட்டுள்ளது. தனிச்செய்தி வராதவர்களுக்கு நிலுவை ஏதும் இல்லை. கேள்வியோ கணக்கில் மாறுபாடோ இருந்தால் எனக்குத் தனியாக எழுதவும், சரிபார்த்துப் பதில் தருகிறேன்.
>
> பொருளாளர், உரிமையாளர் சங்கம்

இதில் அதிகம் வேலை செய்கிற வரி, "தனிச்செய்தி வராதவர்களுக்கு நிலுவை ஏதும் இல்லை" என்பதுதான். அது இல்லாவிட்டால் கட்டி முடித்த இருபது பேரில் பாதிப் பேர் "என்னுது வந்துச்சா சார்?" என்று கேட்பார்கள், ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். யார் போடவில்லையோ அவர்தான் பாக்கி என்று மற்றவர்கள் எண்ணத் தொடங்குவார்கள். பட்டியல் போடாமலேயே பட்டியல் போட்டதாகிவிடும். இந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமானால் தனிச்செய்திகள் முதலில் போக வேண்டும். குரூப் செய்தியை அனுப்பிவிட்டு அப்புறம் ஒவ்வொருவருக்காக எழுதலாம் என்று விட்டால், பாக்கி வைத்தவர் அந்த இடைவெளியில் தனக்கு ஏதும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

எத்தனை வீடுகள் என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லியிருப்பதும் தெரிந்தே செய்ததுதான். 'நான்கு வீடுகள்' என்றால் எந்த நான்கு என்ற ஊகம் மாடிப்படியில் ஆரம்பித்துவிடும். தொகைக்கு முகம் இல்லை. எட்டு வீடு மட்டும் உள்ள சின்னக் கட்டிடத்தில் தொகையே முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம். அங்கே குரூப்பில் நினைவூட்டலே வேண்டாம். வரவு விவரத்தையும் நன்றியையும் போட்டுவிட்டு, மீதியை ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வது மேல்.

காரணம் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். லிஃப்ட், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சம்பளம், தோட்டம் என்று அடுக்கினால் அது புலம்பலாகிவிடும். ஒரு செலவு, அதற்கு ஒரு தேதி, அதற்கு நான்கு நாள் முன்னதாக ஒரு கெடு. அந்தச் செலவு உண்மையானதாக இருக்க வேண்டும். கெடு நாள் வங்கி விடுமுறையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கிழமையும் எழுத வேண்டும். தேதியை மட்டும் எழுதினால் 'இன்னும் நாள் இருக்கிறது' என்று தோன்றும். வியாழன் என்றால் நாளை மறுநாள் என்று உறைக்கும்.

பணிவைப் பற்றி ஒரு சொல். 'தயவுசெய்து' என்று மூன்று முறை எழுதினால் மரியாதை கூடுவதில்லை. கெஞ்சலாகவோ குத்தலாகவோதான் படும். "கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு முறை எழுதினால் போதும். ஆச்சரியக்குறி, சிவப்பு வட்டம், கைகூப்பும் படம் எதுவும் தேவையில்லை.

கணக்கு எண்ணைத் தனிச் செய்தியாக அனுப்பச் சொன்னதற்கு எளிய காரணம் உண்டு. நீண்ட செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்தால் முழுச் செய்தியும் ஒட்டிக்கொள்ளும். எண் மட்டும் தனியாக இருந்தால் அப்படியே எடுத்து வங்கிச் செயலியில் ஒட்டலாம். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. படத்திலிருந்து எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் பணம் எங்கோ போய்விடும். வயதானவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் படும் பாடு தனி.

தனிச்செய்திகள்

நான்கு வீட்டுக்கும் ஒரே வாசகத்தை அனுப்பக் கூடாது. 500 குறைந்தவருக்கு அது பாக்கி என்ற தொனியே வேண்டாம்: "வணக்கம் சார். ஜூன் மாதத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து 2,500 வந்தது, நன்றி. இம்மாதம் முதல் கட்டணம் 3,000 என்பதால் 500 மீதி உள்ளது. வங்கியில் தானாகப் போகும் தொகை பழையபடி இருக்கலாம், மாற்றிக்கொண்டால் அடுத்த மாதம் இந்தச் சிரமம் இருக்காது." பூட்டிய வீட்டுக்காரர் ஊரில் இல்லை, குரூப் செய்திகளை ஒலியணைத்து வைத்திருப்பார். அவருக்கு மே 2,500, ஜூன் 3,000, மொத்தம் 5,500 என்று பிரித்து எழுதி, கணக்கு எண்ணையும் கூடவே அனுப்ப வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு மெயின்டனன்ஸ் என்று அவர் கேட்கக்கூடும். பொதுச்செலவு வீட்டுக்காக அல்ல, கட்டிடத்துக்காக. சங்க விதியில் அதைச் சொல்லும் பிரிவு இருந்தால் அதன் எண்ணைக் குறிப்பிட்டால் விவாதம் வளராது.

ஐந்து மாத வீட்டுக்கு அனுப்பும் செய்தியில்தான் அதிகக் கவனம் வேண்டும். அதில் ஒழுகலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டால் அவர் மேலும் சினப்படுவார். ஒழுகல் சரியாகும் வரை பரவாயில்லை என்ற பொருளில் ஏதாவது எழுதிவிட்டால், புகார் இருந்தால் பணம் நிறுத்தலாம் என்று சங்கமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுவது நல்லது. முதல் பத்தியில் புகார்: என்றைக்குப் பதிவானது, பிளம்பர் எப்போது பார்த்தார், அடுத்தது என்ன, எந்தத் தேதிக்குள். இரண்டாவதில் கணக்கு: பிப்ரவரி முதல் மே வரை 10,000, ஜூன் 3,000, மொத்தம் 13,000. அதன் கீழே, "மொத்தமாகச் செலுத்த இயலாவிட்டால் நடப்பு மாதத்தோடு ஒரு பழைய மாதம் வீதம் செலுத்தலாம்" என்று ஒரு வழியையும் திறந்துவைக்கலாம். அந்தச் சலுகையைக் கொடுக்கும் அதிகாரம் பொருளாளருக்கு இருக்கிறதா, நிர்வாகக் குழு முடிவு வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று: அவர் 4,000 மட்டும் அனுப்பினால் அது எந்த மாதத்துக்கு என்பதை ரசீதிலேயே எழுதிவிட வேண்டும். பழைய மாதத்தில் தொடங்கி வரவு வைப்பதுதான் வழக்கம் என்றால், பிப்ரவரி 2,500, மார்ச்சில் 1,500 என்று பிரித்துக் காட்டவும். எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அவர் கணக்கும் சங்கக் கணக்கும் வேறு வேறாக நிற்கும்.

தாமதக் கட்டணம் பொதுக்குழுவில் தீர்மானமாகி இருந்தால் மட்டும், தீர்மானத் தேதியோடு எழுதவும். இல்லாததைப் பயமுறுத்த எழுதினால் ஒரே கேள்வியில் விழுந்துவிடும்.

அனுப்பிய பிறகு

செய்தி போகிற குரூப் எது என்று முதலில் பார்க்க வேண்டும். பல கட்டிடங்களில் உரிமையாளரும் வாடகைக்காரரும் ஒரே குரூப்பில் இருப்பார்கள். உரிமையாளரின் நிலுவை வாடகைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. உரிமையாளர்களுக்கென்று தனிக் குரூப் இருக்க வேண்டும். அதை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிட்டால் "கட்டிட்டேன்" என்ற பதில்களின் கீழே கணக்கு எண் புதைந்து போகாது. அப்படி அமைக்க மனமில்லை என்றால் செய்தியைப் பின் செய்து வைக்கலாம். வாட்ஸ்அப்பில் 7 நாள் என்ற தேர்வு இந்த வேலைக்குப் போதும். பிராட்காஸ்ட் பட்டியலை நம்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திராதவருக்கு அது போய்ச் சேராது, சேராததும் உங்களுக்குத் தெரியாது.

தொகையில் தப்பு இருந்தால் 15 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடாமல், "திருத்தம்" என்று தலைப்பிட்டு ஒரு வரி எழுதுவது நல்லது. அழித்த செய்தியைப் பாதிப் பேர் ஏற்கெனவே படித்திருப்பார்கள். கணக்குச் செய்தி மறைந்தால் சந்தேகம்தான் வரும்.

பேரைக் கேட்பவருக்கும் பதில் வேண்டும், இல்லாவிட்டால் அவர் விடமாட்டார். "உங்கள் ஆதங்கம் புரிகிறது சார். நிலுவை உள்ளவர்களுக்குத் தனித்தனியாக எழுதியாகிவிட்டது. வீட்டு வாரியான வரவு செலவு, வழக்கம்போல் பொதுக்குழுவில் வைக்கப்படும்." இது மழுப்பல் அல்ல. உறுப்பினருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. அதற்கான இடம் விதிப்படி வைக்கப்படும் கணக்கேடு. குரூப்பில் ஒட்டிய பட்டியல் ஒரு ஃபார்வர்டில் கட்டிடத்தை விட்டே வெளியே போய்விடும். நேரில் வந்து பதிவேட்டைப் பார்க்கக் கேட்கிறவருக்குக் காட்ட வேண்டியதுதான்.

அந்த ஒழுகல் வீட்டுக்காரரே குரூப்பில் "முதல்ல லீக்கேஜைச் சரி பண்ணுங்க, அப்புறம் மெயின்டனன்ஸ் பேசலாம்" என்று எழுதினால், பணத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். "உங்கள் புகார் பதிவில் உள்ளது சார், நிலவரத்தை இன்று மாலைக்குள் தனியாக அனுப்புகிறேன்" என்று மட்டும் எழுதி, சொன்னபடி மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். அவருக்கு எவ்வளவு பாக்கி என்பதை அவராகவே சொல்லாத வரை நிர்வாகி சொல்லக் கூடாது. இன்னொரு உறுப்பினர் நடுவில் புகுந்து "நீங்க அஞ்சு மாசம் கட்டலையே" என்றால், அவருக்கும் தனியாகப் பேசி நிறுத்தச் சொல்ல வேண்டியது நிர்வாகியின் வேலைதான்.

ஜூன் 18 இரவு கணக்கைத் திரும்பப் பார்க்கிறோம். 500 வந்துவிட்டது. ஜூன் மட்டும் பாக்கி வைத்தவர் கட்டிவிட்டார். பூட்டிய வீட்டிலிருந்து 5,500 வந்திருக்கிறது. மீதி ஒரே வீட்டின் 13,000. இனி குரூப்பில் இரண்டாவது நினைவூட்டலுக்கு இடமில்லை. ஒரே ஒருவரைக் குறித்து 23 பேருக்கு எழுதினால், அடுத்த மாதச் செய்தியை அவர்கள் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். குரூப்பில் போக வேண்டியது இரண்டு வரி: "லிஃப்ட் ஒப்பந்தத் தொகைக்குத் தேவையான பணம் வந்துவிட்டது. கெடுவுக்குள் செலுத்தியவர்களுக்கு நன்றி." அந்த ஒரு வீட்டுக்கு, மாதவாரிக் கணக்கையும் புகாரின் இன்றைய நிலவரத்தையும் தாங்கிய கடிதம் செயலாளர் கையெழுத்தோடு காகிதத்தில் போகட்டும். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவு வசதியோடு அனுப்பும் ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது. வாட்ஸ்அப்பின் நீல டிக்கை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியாது.